ஒரே கோளாறு, மூன்று டிக்கெட்

ஒரு பெரிய மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை, புறநோயாளிகள் கூட்டம் அலைமோதும் நேரத்தில் பில்லிங் மென்பொருள் நின்றுவிடுகிறது. கவுன்டரிலிருந்து சர்வீஸ் டெஸ்க்குக்குப் போன் போகிறது, டிக்கெட் பதிவாகிறது. ஷிஃப்டில் இருக்கும் பொறியாளர் பார்த்தால் சர்வரின் டிஸ்க் நிரம்பிக் கிடக்கிறது. பழைய லாக் கோப்புகளை அழித்துவிட்டு மென்பொருளை ரீஸ்டார்ட் செய்கிறார். 20 நிமிடத்தில் வரிசை நகர்கிறது, டிக்கெட்டை மூடுகிறார்.

இதுதான் இன்சிடென்ட் டிக்கெட். நின்றுபோன சேவையைச் சீக்கிரம் ஓடவைப்பது மட்டுமே அதன் வேலை. காரணம் தெரியாவிட்டாலும், சேவை திரும்பிவிட்டால் அதை மூடலாம். அந்தப் பொறியாளர் மேல் எந்தக் குறையும் இல்லை.

அடுத்த திங்கள் அதே கோளாறு வருகிறது, வேறொருவர் ஷிஃப்டில் இருக்கிறார். அதற்கடுத்த திங்கள் இன்னொருவர். மூன்று டிக்கெட்டுகளும் குறித்த நேரத்துக்குள் முடிக்கப்பட்டவை. மாதக் கடைசி அறிக்கையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். மூன்றையும் ஒருசேரப் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

யாராவது ஒருவர் அப்படிப் பார்த்து, ‘டிஸ்க் ஏன் வாராவாரம் நிரம்புகிறது?’ என்று ஒரு தனி டிக்கெட் திறந்தால், அது ப்ராப்ளம் டிக்கெட். மூன்று இன்சிடென்ட்டுகளையும் அதனுடன் இணைக்க வேண்டும். லாக் கோப்புகளை அழித்து ரீஸ்டார்ட் செய்யும் தற்காலிக வழியையும் அதிலேயே எழுதிவைக்க வேண்டும். நான்காம் முறை வந்தால், அப்போது இருப்பவர் முதலிலிருந்து தடுமாற வேண்டியதில்லை. அந்த நான்காவது இன்சிடென்ட்டும் இதே ப்ராப்ளத்துடன்தான் சேர வேண்டும், புதிதாக ஒன்றைத் திறக்கக் கூடாது. எத்தனை முறை, எத்தனை நிமிடம் கவுன்டர் நின்றது என்ற கணக்கு ஓரிடத்தில் சேர்ந்தால்தான், இதை உடனே சரிசெய்ய நிர்வாகத்திடம் அனுமதி கேட்க முடியும்.

தலைப்பு ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இணைத்துவிடக் கூடாது. ‘பில்லிங் வேலை செய்யவில்லை’ என்ற புகார் நெட்வொர்க் கேபிள் கழன்றாலும் வரும். அந்த நேரத்தில் டிஸ்க் நிரம்பியிருந்ததா என்று பார்த்துவிட்டே சேர்க்க வேண்டும். தவறாகச் சேர்ந்த ஒரு டிக்கெட், காரணம் தேடுபவரை வேறு பக்கம் இழுத்துப் போய்விடும்.

இனி காரணம். லாக் கோப்பு எந்தத் தேதியிலிருந்து வீங்கத் தொடங்கியது என்று பார்த்து, அந்த நாளின் சேஞ்ச் டிக்கெட்டுகளைப் புரட்டுகிறார்கள். சேஞ்ச் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலோ மென்பொருளிலோ கை வைப்பதற்கு முன் அனுமதி பெற்று, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழியையும் எழுதிவைக்கும் டிக்கெட். அன்று மாலை காப்பீட்டுப் பகுதியைச் சோதிப்பதற்காக லாக் அளவை `INFO`-விலிருந்து `DEBUG`-க்கு மாற்றியிருக்கிறார்கள். `DEBUG` நிலையில் மென்பொருள் தன் ஒவ்வொரு சிறு அசைவையும் எழுதித் தள்ளும். சோதனை முடிந்ததும் பழையபடி மாற்ற மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை சுத்தம் செய்த பிறகும் டிஸ்க் நிரம்ப ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. அதனால்தான் எப்போதும் திங்கட்கிழமை.

ஆக இந்த ப்ராப்ளத்துடன் இரண்டு சேஞ்சுகள் சேர வேண்டும். ஒன்று கோளாறை உண்டாக்கியது, மற்றது `INFO`-வுக்குத் திருப்பி அதைத் தீர்க்கப்போவது. இரண்டையும் வெறுமனே ‘தொடர்புடையது’ என்று போட்டால் ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. சர்வீஸ்நவ் மென்பொருளின் இன்சிடென்ட் படிவத்தில் `Change Request` என்றும் `Caused by Change` என்றும் இரண்டு தனிக் கட்டங்கள் இருப்பது இதற்காகத்தான். என் அனுபவத்தில் அதிகம் காலியாகக் கிடப்பது இரண்டாவது கட்டம். தன் குழுவின் சேஞ்சைக் குற்றவாளியாகக் காட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் அதை நிரப்பாவிட்டால், எந்த வகை மாற்றங்கள் திரும்பத் திரும்பச் சேவையை நிறுத்துகின்றன என்பது ஒருபோதும் தெரியவராது.

சேஞ்ச் முடிந்த அன்றே ப்ராப்ளத்தை மூடிவிடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. இங்கே கோளாறு வாரத்துக்கு ஒருமுறை வருவது. குறைந்தது இரண்டு திங்கட்கிழமைகள் டிஸ்க் நிரம்பாமல் கடந்த பிறகே மூட வேண்டும். மூடிய ப்ராப்ளத்துக்கு மறுபடி அதே இன்சிடென்ட் வந்தால், நாம் பிடித்தது முழுக் காரணம் அல்ல.

கடவுச்சொல்லை மறந்தவரின் டிக்கெட்டுக்கெல்லாம் ப்ராப்ளம் தேவையில்லை. திரும்பத் திரும்ப வருவதற்கும், ஒரே முறை வந்தாலும் பெரும் சேதம் செய்வதற்கும் திறந்தால் போதும். சர்வீஸ் டெஸ்க்கில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘ரீஸ்டார்ட் செய்தோம், சரியானது’ என்று எழுதி மூடுவதற்கு முன், அதே சர்வரின் கடந்த ஒரு மாத டிக்கெட்டுகளை ஒருமுறை தேடிப் பாருங்கள்.