அப்பாவின் படத்தை அச்சிடலாமா?

தெருவில் எடுத்த ஒரு முதியவரின் படத்தை நூலில் வெளியிட அனுமதி கேட்டுப் புகைப்படக்காரர் குடும்பத்துக்கு எழுதும் மின்னஞ்சல், அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. ஆனால் இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் அதைச் சரியாக எழுத முடியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, யாரும் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லாத தெருப் படத்தின் பதிப்புரிமை அதை எடுத்தவருக்கே உரியது. படத்தில் உள்ள முகமோ அந்த முதியவருடையது. முதல் உரிமை கையில் இருப்பதாலேயே இரண்டாவதும் தன்னிடம் இருப்பதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள்.

முகத்துக்குச் சட்டம் தரும் காவல் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான 1994-ஆம் ஆண்டு வழக்கில், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. கலைப் படைப்பு என்றால் கோடு இவ்வளவு தெளிவாக விழுவதில்லை. பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற அமெரிக்கக் கலைஞர் 1999 முதல் 2001 வரை நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், நடந்து போகிறவர்களை அவர்கள் அறியாமல் படமெடுத்தார். அவர்களில் ஒருவரான வைதீக யூத முதியவர், தன் படத்தைக் காட்சிக்கு வைத்து விற்றது தன் சமய நம்பிக்கைக்கு விரோதம் என்று வழக்குத் தொடுத்தார். அது கலை, வணிகப் பயன்பாடு அல்ல என்று 2006-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கலைஞர் வென்றார், ஆனால் முதியவரின் மனக்குறைக்கு அந்தத் தீர்ப்பில் மருந்தில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் மின்னஞ்சல் எழுதப்பட வேண்டியது இதனால்தான்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மதுரை கீழமாசி வீதியில் ஒரு பெரியவர் குடை பழுதுபார்க்கிறார். மழைக்காலத்தில் ஒரு புகைப்படக்காரர் கேமராவைக் காட்டிச் சைகையால் கேட்க, அவர் தலையசைக்க, படம் எடுக்கப்படுகிறது. ஓராண்டுக்குப் பின் நூல் தயாராகும்போது, பெரியவர் உடல் தளர்ந்து வீட்டோடு இருக்கிறார். எதிர்க்கடைக்காரர் பெரியவருடைய மகனின் மின்னஞ்சல் முகவரியைத் தருகிறார். அன்றைய தலையசைப்பு எடுப்பதற்குத் தந்த சம்மதம். அச்சிடுவதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. மகனுக்கு எழுதும் கடிதம் இப்படி அமையலாம்:

"ஐயா, வணக்கம். நான் ஒரு புகைப்படக்காரர். சென்ற ஆண்டு ஐப்பசியில் கீழமாசி வீதியில் உங்கள் அப்பா குடை சரிசெய்துகொண்டிருந்தபோது, அவரிடம் கேட்டு இந்தப் படத்தை எடுத்தேன். அவர் உட்காரும் இடத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவர் உங்கள் முகவரியைத் தந்தார். மதுரைத் தெருத் தொழில்கள் பற்றிய என் நூலில் இதை ஒரு முழுப் பக்கத்தில் வெளியிட விரும்புகிறேன். ஆயிரம் பிரதிகள் அச்சாகும். நூல் விலைக்கு விற்கப்படும். அட்டையிலும் விளம்பரத்திலும் இணையத்திலும் இப்படம் வராது. படத்தின் கீழ் வரும் வரி: 'குடை பழுதுபார்ப்பவர், கீழமாசி வீதி, மதுரை.' பெயர் வர வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். தயவுசெய்து அப்பாவிடம் படத்தைக் காட்டி, இந்த வரியைப் படித்துச் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. தை மாதம் நூல் அச்சுக்குப் போகிறது. அதற்குள் பதில் வராவிட்டால் படத்தைச் சேர்க்க மாட்டேன். அனுமதித்தாலும் மறுத்தாலும் படத்தின் பிரதி ஒன்றை அப்பாவுக்கு அனுப்புகிறேன். என் எண்ணும் பதிப்பகத்தின் எண்ணும் கீழே உள்ளன."

முன்பின் தெரியாதவரிடமிருந்து அப்பாவின் படத்தோடு ஒரு மின்னஞ்சல் வந்தால், இன்றைக்கு எந்த மகனுக்கும் முதலில் தோன்றுவது இது மோசடியோ என்ற பயம்தான். முகவரி யார் மூலம் கிடைத்தது என்பதும், வேறொருவரைக் கேட்டுச் சரிபார்க்கப் பதிப்பகத்தின் எண்ணும் கடிதத்தில் இருப்பது அந்தப் பயத்துக்காகவே. சுட்டி எதுவும் அனுப்பாமல் படத்தையே இணைப்பது நல்லது. கைபேசியில் தெளிவாகப் பார்க்க நீளப் பக்கம் 1,200 பிக்சல் இருந்தால் போதும். ஆனால் அச்சிடப்போகும் படத்தையே, ஓரம் வெட்டியிருந்தால் வெட்டிய வடிவிலேயே அனுப்ப வேண்டும். குடும்பம் ஒரு படத்துக்குச் சம்மதித்து, நூலில் வேறொன்றைப் பார்க்கக் கூடாது.

கடிதத்தில் மிகக் கவனம் வேண்டிய இடம் படக்குறிப்பு. டோரதியா லாங்கே 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த 'புலம்பெயர் தாய்' படம் இதற்குச் சான்று. பெயர்கூடக் கேட்காமல் எடுத்த அந்தப் படத்தோடு, உணவு வாங்கக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்ற செய்தியும் சேர்ந்துகொண்டது. அப்படி எதுவும் விற்கவில்லை என்று அந்தத் தாயின் குடும்பம் பின்னாளில் மறுத்தது. வறுமையின் அடையாளமாகவே தான் அறியப்பட்டதில் அந்தத் தாயான ஃபிளாரன்ஸ் தாம்ப்சனுக்கு இருந்த மனக்கசப்பு 1978-இல்தான் வெளியே தெரிந்தது. குடைக்காரர் படத்துக்கு 'கைவிடப்பட்ட முதுமை' என்று தலைப்பிட்டால், பிள்ளைகள் தகப்பனைத் தெருவில் விட்டுவிட்டார்கள் என்று ஊர் படிக்கும். மகன் உழைத்துச் சம்பாதிக்க, அப்பா பழகிய தொழிலை விட மனமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். எனவே படக்குறிப்பை உள்ளது உள்ளபடி கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். அனுமதி கிடைத்தபின் ஒரு சொல்லை மாற்றினாலும் மீண்டும் கேட்க வேண்டும்.

முடிவு யாருடையது? பெரியவர் நினைவோடு இருக்கும்வரை அவருடையதுதான். மகன் கடிதத்தை அவரிடம் கொண்டுசேர்ப்பவர். மகன் தானாகவே "தாராளமாகப் போடுங்கள்" என்று உடனே எழுதிவிட்டால், அப்பா பார்த்தாரா என்று இன்னொரு முறை கேட்பதில் தவறில்லை. பெரியவரே "சரி, போடட்டும்" என்று சொல்லும் குரல் பதிவு கிடைத்தால் அதைவிடச் சிறந்த சான்று வேண்டாம். அதைப் படத்தின் கோப்போடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். நினைவு மங்கியவர் என்றால் மனைவி மக்களின் சம்மதத்தைக் கொண்டே நடக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளில் ஒருவர் சரி என்று சொல்லி, இன்னொருவர் மறுத்தால் மறுப்பை ஏற்பதே முறை.

இடையில் அவர் காலமாகிவிட்டால் என்ன என்பதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மனியில் 1907-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறந்து 10 ஆண்டுகள்வரை உறவினர் சம்மதம் தேவை. பிஸ்மார்க் 1898-இல் இறந்த இரவில் இருவர் திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து சடலத்தைப் படமெடுத்த விவகாரமே அச்சட்டத்துக்குத் தூண்டுதல். இங்கே நிலை வேறு. ஜெயலலிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் படைப்புகளுக்கு எதிராக அவர் அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமை ஒருவரோடு மறைந்துவிடுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. அதனால் அந்தக் கட்டத்தில் புகைப்படக்காரரைத் தடுப்பது பெரும்பாலும் அவருடைய மனசாட்சி மட்டுமே. துக்கம் நடந்த வீட்டுக்குக் காரியம் முடியும்வரை எழுதாமல் இருப்பது அதன் முதல் கடமை.

சம்மதித்த குடும்பம் பின்னர் மனம் மாறலாம். அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற இயலாது. அடுத்த பதிப்பிலிருந்து நீக்கலாம். இந்த எல்லையைச் சம்மதம் வந்தவுடன் எழுதும் நன்றிக் கடிதத்தில் சொல்லிவிடுவது நல்லது. பதிலே வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். மறுப்பு வந்தால், முகத்தை மங்கலாக்கி வெளியிடும் குறுக்குவழியை நாடக் கூடாது. அவர் இருக்கும் இடத்தையும் குடைக் கம்பிகளையும் உட்காரும் வாகையும் பார்த்தே வீதியில் உள்ளவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். நூலில் அந்தப் பக்கத்துக்கு வேறு படம் தேட வேண்டும். சொன்னபடி பிரதியைப் பெரியவருக்கு அனுப்ப வேண்டும்.