மீட்டர் ஓடியது, பணம் எங்கே?

பெட்ரோல் பங்க்கில் ஒரு நாள் என்பது பெரும்பாலும் காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்கு முடியும். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் பெட்ரோல், டீசல் விலை தினசரி மாற்றியமைக்கப்படும் முறை வந்தது. புதிய விலை அமலாகும் நேரம் காலை ஆறு. அதனால் கணக்கையும் அந்த நேரத்தில் முடிப்பதுதான் வசதி. இரவு ஷிப்ட் பையன்கள் பையில் உள்ள பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் ஒவ்வொரு பம்ப்பாகப் போய் ரீடிங் எடுப்பார். அந்தச் சில எண்களை வைத்துத்தான் முந்தைய நாளில் எவ்வளவு பணம் வந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

ஒவ்வொரு நாசிலுக்கும் தனியாக ஒரு மொத்த மீட்டர் உண்டு. நாம் வண்டிக்குப் போடும்போது பூஜ்யத்தில் தொடங்கி ஓடுகிறதே, அது இல்லை. அந்த நாசில் வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து வெளியே போன லிட்டரையெல்லாம் கூட்டிக்கொண்டே வரும் மீட்டர் இது. தினசரி வியாபாரத்தில் யாரும் இதைப் பூஜ்யமாக்க முடியாது. இன்று காலை ரீடிங்கில் நேற்றுக் காலை ரீடிங்கைக் கழித்தால் நேற்று அந்த நாசில் வழியாகப் போன லிட்டர் வந்துவிடும்.

இரண்டு பெட்ரோல் நாசில், இரண்டு டீசல் நாசில் உள்ள ஒரு சிறிய பங்க்கை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பெட்ரோல் நாசிலின் தொடக்க ரீடிங் 4,82,316.40, முடிவு ரீடிங் 4,83,204.90. ஓடியது 888.50 லிட்டர். இரண்டாவது நாசில் 711.50 லிட்டர். ஆகப் பெட்ரோல் 1,600 லிட்டர். டீசல் நாசில்கள் இரண்டும் சேர்ந்து 2,410 லிட்டர்.

இதை அப்படியே விலையால் பெருக்கிவிடக் கூடாது. காலையில் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவு கேனில் ஒவ்வொரு நாசிலிலிருந்தும் பிடித்து, அளவு சரியா என்று பார்ப்பார்கள். இதுதான் டெஸ்டிங். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி கூடக்குறைய இருக்கலாம், அதற்கு மேல் போனால் அந்த நாசிலில் விற்கக் கூடாது. பிடித்த எண்ணெய் திரும்ப டேங்க்குக்கே போய்விடும். மீட்டருக்கு அது தெரியாது, அதைப் பொறுத்தவரை ஓடியது ஓடியதுதான். எனவே நாசிலுக்கு ஐந்து லிட்டர் வீதம் பெட்ரோலில் பத்து, டீசலில் பத்து லிட்டர் கழிக்க வேண்டும். விற்ற பெட்ரோல் 1,590 லிட்டர், அதன் தொகை 1,60,590 ரூபாய். விற்ற டீசல் 2,400 லிட்டர், 2,22,000 ரூபாய். மொத்தம் 3,82,590 ரூபாய் வந்திருக்க வேண்டும்.

இனி வந்தது எவ்வளவு என்று பார்ப்போம். யுபிஐயில் 1,31,240. கார்டில் 24,500. லாரி ஓனர்கள், பள்ளி வேன் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடன் சீட்டுகள் 64,750. ரொக்கம் 1,61,140. கூட்டினால் 3,81,630. ஆக 960 ரூபாய் ஷார்ட்.

பல பங்க்குகளில் இந்த இடத்தில் தாளை மூடிவிடுவார்கள். 960 ரூபாயை அந்த ஷிப்ட் பையன்கள் தலையில் பங்கு போட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். வெயிலிலும் புகையிலும் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. திருடினான் என்ற பேச்சும் கூடவே வரும். ஷார்ட் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் அதை ஒருவன் மேல் போடுவது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் அந்தத் தொகையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே அது எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

960 ரூபாயை டீசல் விலையால் வகுத்தால் பத்து லிட்டரும் கொஞ்சமும் வருகிறது. பத்து லிட்டர் டீசல் 925 ரூபாய், மிச்சம் 35. பத்து லிட்டர் என்றதும் அனுபவமுள்ள மேனேஜருக்கு டெஸ்டிங் ஞாபகம் வரும். மதியம் என்ன நடந்தது என்று பையன்களைக் கேட்கிறார். மூன்றாவது நாசிலில் டீசல் மெதுவாக வருகிறது என்று மெக்கானிக் வந்து ஃபில்டர் மாற்றியிருக்கிறார். மாற்றிய பிறகு இரண்டு முறை ஐந்து லிட்டர் பிடித்துப் பார்த்து டேங்க்கில் ஊற்றியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வண்டிகள் வரிசையில் நின்றதால் டெஸ்டிங் நோட்டில் எழுத விட்டுப்போயிற்று. மெக்கானிக் கொடுத்த சர்வீஸ் சீட்டு ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. அந்தப் பத்து லிட்டரையும் கழித்தால் விற்ற டீசல் 2,390 லிட்டர், வந்திருக்க வேண்டியது 3,81,665 ரூபாய். உண்மையான ஷார்ட் 35 ரூபாய் மட்டுமே.

அந்த 35 ரூபாயைத் துரத்த வேண்டியதில்லை. 101 ரூபாய் விலையில் 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் கணக்குப்படி 1.9802 லிட்டர் வர வேண்டும். பம்ப் இரண்டு புள்ளிவரைதான் காட்டும் என்றால் 1.98 என்று நிற்கும். ஒவ்வொரு பில்லிலும் இப்படி விழும் காசுகளும், சில்லறை இல்லாமல் விட்டுக்கொடுத்த ஒன்றிரண்டு ரூபாயும் சேர்ந்தால் இந்த அளவு கூடக்குறைய வருவது இயல்பு. தினமும் ரூபாய் சுத்தமாக டேலி ஆகும் தாளைத்தான் நான் சந்தேகப்படுவேன். யாரோ கடைசியில் எண்ணைச் சரிக்கட்டி எழுதுகிறார்கள் என்று அர்த்தம்.

ரீடிங்கைத் தப்பாக எழுதுவதால் வரும் வித்தியாசம் வேறு மாதிரி இருக்கும். இரண்டாவது பெட்ரோல் நாசிலில் 3,16,581 என்பதை அவசரத்தில் 3,16,518 என்று எழுதிவிட்டால் 63 லிட்டர் குறைந்துபோகும். விற்பனை 6,363 ரூபாய் குறைவாகத் தெரியும், கையில் பணம் அதே அளவு அதிகமாக நிற்கும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும், 63-ஐப் போல. இன்னொரு அடையாளமும் உண்டு. நேற்றைய முடிவு ரீடிங்கை மீட்டரில் பார்க்காமல் நோட்டிலிருந்தே இன்றைய தொடக்கமாக எழுதினால், இன்று அதிகமாக நின்ற 6,363 ரூபாய் நாளை அப்படியே ஷார்ட்டாக வரும். அடுத்தடுத்த இரண்டு நாளில் ஒரே தொகை ஒரு நாள் கூடவும் மறுநாள் குறையவும் வந்தால், பணத்தைத் தேட வேண்டாம், மீட்டரைப் போய்ப் பாருங்கள்.

இப்போது அதிகம் குழப்புவது யுபிஐ. பங்க்கின் நாள் ஆறு மணி முதல் ஆறு மணி வரை. போனில் உள்ள ஆப்பில் தேதி போட்டுப் பார்த்தால் கிடைக்கும் மொத்தம் நள்ளிரவு பன்னிரண்டு முதல் அடுத்த பன்னிரண்டு வரை. பதினைந்தாம் தேதிக் கணக்குக்கு அந்தத் தேதி மொத்தத்தை எடுத்து எழுதினால், பதினான்காம் தேதி இரவு ஷிப்ட்டின் கடைசி ஆறு மணி நேரம் உள்ளே வந்துவிடும், பதினைந்தாம் தேதி இரவு ஷிப்ட்டின் கடைசி ஆறு மணி நேரம் விட்டுப்போகும். இரவில் லாரிகள் வரும் நெடுஞ்சாலை பங்க்கில் இது ஆயிரக்கணக்கில் வித்தியாசம் காட்டும். ஆறு மணிக்கு நடந்த கடைசிப் பரிவர்த்தனையைப் பார்த்து, நேரம் குறித்து வெட்டினால்தான் சரியாக வரும். ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போனவர்களின் தொகையும் இங்கேதான் பிடிபடும். அது ஆப்பில் இருக்காது, பையன் மட்டும் வந்ததாகச் சொல்வான்.

விலை மாறும் நாளிலும் இதே நேரப் பிரச்சினை உண்டு. 2024 மார்ச் 15 காலை ஆறு மணிக்குப் பெட்ரோலும் டீசலும் லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைந்தன. அன்று ஆறு இருபதுக்கு ரீடிங் எடுத்து, அதுவரை ஓடியதையெல்லாம் பழைய விலையில் பெருக்கியிருந்தால், அந்த இருபது நிமிடத்தில் நாற்பது லிட்டர் போயிருந்தாலும் 80 ரூபாய் ஷார்ட் தெரியும். பையன் வாங்கியது புதிய விலை, தாளில் உள்ளது பழைய விலை. பைசாக்கணக்கில் மாறும் நாளில் இது கண்ணில் படாது.

ரொக்கம் 1,61,140 என்றோம். பேங்க்கில் கட்டிய சலானில் 1,60,000 தான் இருக்கும். மிச்சம் 1,140 ஜெனரேட்டருக்கு ஆயில் வாங்கியது, ஒரு பையனுக்குக் கொடுத்த அட்வான்ஸ் என்று செலவாகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் வவுச்சர் எழுதித் தாளில் தனியாகக் காட்ட வேண்டும். விற்பனைப் பணத்திலேயே கழித்துவிட்டு மீதியை மட்டும் ரொக்கம் என்று எழுதும் பழக்கம் இருந்தால், ஷார்ட்டும் செலவும் கலந்துபோய் எதையும் கண்டுபிடிக்க முடியாது. காலையில் பையன்களிடம் சில்லறைக்காகக் கொடுத்த பணமும் விற்பனை இல்லை. அதைத் திரும்ப எடுத்துவைத்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பணம் திங்களன்று கட்டப்பட்டால் சலானில் எந்த நாள் எவ்வளவு என்று பிரித்து எழுதிவைப்பதும் இதனால்தான்.

இத்தனையும் செய்தாலும் இந்தத் தாள் சொல்வது மீட்டருக்கும் பணத்துக்கும் உள்ள உறவை மட்டும்தான். மீட்டருக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவைச் சொல்வது டேங்க். காலையில் டிப் ராடை விட்டு, நனைந்த உயரத்தைப் பார்த்து, அட்டவணையில் லிட்டராக மாற்றுவார்கள். நம் பங்க்கில் டீசல் நேற்று 9,400 லிட்டர் இருந்து, லோடு எதுவும் வரவில்லை என்றால், விற்ற 2,390 போக 7,010 இருக்க வேண்டும். ஆனால் இருபதாயிரம் லிட்டர் டேங்க்கில் நடுமட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரமே பத்து லிட்டருக்கு மேல் வரும். அதனால் மெக்கானிக் ஊற்றிய பத்து லிட்டரை டிப் வைத்து நிரூபிக்க முடியாது, சர்வீஸ் சீட்டுதான் சாட்சி. டிப்பை ஒரு நாளில் நம்பக் கூடாது, வாரக்கணக்கில் பார்க்க வேண்டும்.

வாரக்கணக்கில் பார்க்கும்போது டேங்க்கில் இருக்க வேண்டியதைவிடக் குறைந்துகொண்டே வந்தால் கசிவு, லோடு குறைவு, பெட்ரோலானால் ஆவியாதல் என்று தேடுவார்கள். கூடிக்கொண்டே வந்தால் முதலாளிக்குச் சந்தோஷமாகத் தோன்றலாம். அப்படிக் கூடுவது, லாரியிலிருந்து லோடு அதிகமாக இறங்காதபட்சத்தில், நாசில் ஒன்று மீட்டரில் காட்டுவதைவிடக் குறைவாக ஊற்றுகிறது என்பதற்கான அடையாளம். பணக் கணக்கு அன்றும் சரியாகவே டேலி ஆகியிருக்கும், குறைந்தது வண்டிக்காரருடைய எண்ணெய். அந்த நாசிலை உடனே நிறுத்தி, ஐந்து லிட்டர் கேனில் பிடித்துப் பார்த்து, அளவு தப்பென்றால் சர்வீஸ் ஆளை வரவழைத்துச் சரிசெய்து, எடையளவுத் துறை அதிகாரி மறுபடி முத்திரை வைத்த பிறகே விற்பனைக்கு விட வேண்டும்.