கமிஷனுக்கு வாடகை போகும் வங்கிக் கணக்கு

"உங்க அக்கவுண்டுக்குப் பணம் வரும். நாங்க சொல்ற அக்கவுண்டுக்கு மாத்தி விடுங்க. நூத்துக்கு ரெண்டு ரூபா உங்களுக்கு." வேலை தேடும் இளைஞர்களுக்கு டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் இப்படித்தான் தூது வருகிறது. முதலீடு வேண்டாம், அனுபவம் வேண்டாம். 'கம்பெனிக்கு வரி பிரச்னை, அதனால்தான் தனியார் கணக்கு தேவைப்படுகிறது' என்று காரணமும் தயாராக இருக்கும்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். புனேயில் ஓய்வுபெற்ற ஒருவரை 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி 4,80,000 ரூபாய் பறிக்கிறார்கள். அது முதலில் ஒரு கணக்கில் விழுகிறது. சில நிமிடங்களில் ஐந்தாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்க் கணக்குகளுக்குப் போகிறது. அதில் 95,000 ரூபாய் கோவையில் படிக்கும் ஒரு மாணவரின் கணக்குக்கு வருகிறது. அவர் 1,900 ரூபாயை எடுத்துக்கொண்டு மீதி 93,100 ரூபாயை அனுப்பிவிடுகிறார். அடுத்த கணக்கில் அது ஏடிஎம் வழியாக ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறி மறைந்துவிடும்.

புனேக்காரர் 1930 என்ற உதவி எண்ணை அழைத்ததும், பணம் போன தடத்தை வங்கிகள் ஒவ்வொரு கணக்காகப் பின்தொடர்கின்றன. ரொக்கமாக எடுத்தவரைத் தேடுவது கடினம். மாணவரைத் தேடவே வேண்டாம்; ஆதார், பான், செல்பேசி எண் எல்லாம் அவர் பெயரிலேயே வங்கியில் இருக்கின்றன. கணக்கு முடங்குகிறது. வீட்டிலிருந்து வந்த கல்லூரிக் கட்டணமும் அதோடு சிக்கிக்கொள்கிறது. வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வரும்போது அதில் 1,900 இருக்காது. அவர் கணக்கு வழியே போன 95,000 இருக்கும்.

'எனக்கு எதுவும் தெரியாது' என்று சொன்னால் போதாதா? தெரிந்தே செய்தாரா என்பது வழக்கில் முக்கியமான கேள்விதான். ஆனால் வாங்கிய கமிஷன், அழித்த சாட், பிறரிடம் கொடுத்த ஏடிஎம் கார்டு, சிம் எல்லாம் அவருக்கு எதிராகவே பேசும். சிலர் பாஸ்புக், கார்டு, சிம் மூன்றையும் மொத்தத் தொகைக்கு விற்றுவிடுகிறார்கள். இது இன்னும் ஆபத்து. எத்தனை பேரிடம் பறித்த பணம் அந்தக் கணக்கு வழியே போனது என்பது விற்றவருக்கே தெரியாது. ஒவ்வொருவரின் புகாரும் அவர் பெயரைத்தான் தேடி வரும்.

இவர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் MuleHunter.AI என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. பணம் வந்த வேகத்திலேயே வெளியேறுவது இத்தகைய கணக்குகளின் முக்கிய அடையாளம்.

ஏற்கெனவே பணம் வந்துவிட்டதா? யார் மிரட்டினாலும் அடுத்த கணக்குக்கு அனுப்பாதீர்கள். வந்த எண்ணுக்கு நீங்களாகத் திருப்பியும் போடாதீர்கள். சாட்டை அழிக்காமல் வைத்துக்கொண்டு, வங்கிக் கிளையில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கையோடு 1930-க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதிவு செய்யுங்கள்.