ஃப்ரீஸுக்கு முந்தைய வாரமும் தீபாவளி லீவும்

மென்பொருளில் செய்த மாற்றங்களை வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வரில் ஏற்றுவது டெப்ளாய்மென்ட். வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் எதையும் புதிதாக ஏற்றக் கூடாது என்று நிறுவனங்கள் போடும் தடைக்கு ஃப்ரீஸ் என்று பெயர். அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனங்கள் பலவற்றில் இது நவம்பரில் தொடங்கும். அம்மாதத்தின் நான்காம் வியாழனுக்கு மறுநாள் பிளாக் ஃபிரைடே. அப்போது தொடங்கும் கூட்டம் கிறிஸ்துமஸ் வரை குறையாது.

அந்நிறுவனங்களுக்காகச் சென்னையில் வேலை செய்யும் பொறியாளருக்கு ஃப்ரீஸ் காலத்தில் லீவு கிடைப்பது எளிது. அதற்கு முந்தைய ஓரிரு வாரங்கள்தான் கடினம். தடை வருவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்று எல்லா அணிகளும் வேலையை அங்கே கொண்டுவந்து குவிக்கும். தீபாவளியும் பல ஆண்டுகளில் அந்த நாட்களில்தான் வருகிறது.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஃப்ரீஸ் 13-ஆம் தேதி தொடங்குகிறது, கடைசி டெப்ளாய்மென்ட் 7-ஆம் தேதி சனிக்கிழமை நியூயார்க் நேரம் இரவு 11 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். நாட்காட்டியில் சனிக்கிழமை என்று பார்த்தவர் ஞாயிறு தன்னுடையது என்று நினைத்துவிடுவார். நவம்பரில் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி பின்னுக்குப் போவதால் இடைவெளி பத்தரை மணி நேரம்; சென்னையில் அப்போது தீபாவளி காலை 9.30.

ஆகவே லீவு கேட்பவர் பேச வேண்டியது தேதியைப் பற்றி மட்டுமல்ல, அந்தக் காலையில் தன் இடத்தில் யார் உட்காருவார் என்பதைப் பற்றியும்தான். அதற்கு மூன்று வாரமாவது முன்னதாகக் கேட்பது நல்லது. பதிலாள் பெயரை எழுதினால் மட்டும் போதாது. உண்மையான சர்வருக்குள் நுழையும் அனுமதி அவருக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். ஒப்புதலுக்குப் பல நாள் ஆகும் நிறுவனங்கள் உண்டு. கோளாறு வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக்கை அவரே ஒருமுறை சோதனைச் சூழலில் செய்து பார்க்க வேண்டும். நடுவில் ஒருமுறை போன் செய்து கேட்க நேர்ந்தாலும், எழுதிக் கொடுத்த குறிப்பு போதவில்லை என்று பொருள்.

டேட்டாபேஸ் மாற்றம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நிரலைப் பழையபடி ஆக்கிவிடலாம். அழித்த காலத்தையும் அதிலிருந்த தகவலையும் அப்படிச் சுலபமாக மீட்க முடியாது. அதனால் புதிய காலத்தை இப்போது சேர்த்து, பழையதை அப்படியே விட்டுவைத்து, ஃப்ரீஸ் முடிந்த பிறகு நீக்குவார்கள். ஊருக்குப் போகிறவர் தன் மாற்றத்தை இப்படி இரண்டாகப் பிரித்து வைத்தால், பதிலாளுக்கு மீள வழி இருக்கும்.

ஜனவரியில் தடை நீங்கியதும், தேங்கிய மாற்றங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பும். அது பொங்கல் நேரம். பொங்கல் லீவையும் நவம்பரிலேயே கேட்டு வைப்பது நல்லது.