எண் கூடவே வரும், கணக்கு வராது

மலேசியாவில் எண்ணை மாற்றாமலே தொலைபேசி நிறுவனத்தை மாற்றும் வசதி 2008இலிருந்து இருக்கிறது. கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஏதாவது கடையில் ஐசியைக் கொடுத்தால் புது சிம் கைக்கு வந்துவிடும். ஆனால், எண் மட்டும்தான் இடம் மாறுகிறது. பழைய நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஓடும் கணக்கு அங்கேயே நிற்கிறது.

012இல் தொடங்கும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். பிரிபெய்ட் லைன், 30 ரிங்கிட் மீதம் இருக்கிறது. எண் இடம் மாறியதும் அந்த 30 ரிங்கிட் போய்விடும்; புது நிறுவனம் அதைத் தராது. போஸ்ட்பெய்ட் என்றால் கடைசி பில் பின்னால் வரும். சாதன ஒப்பந்தம் முடியாதிருந்தால் அபராதமும் அதில் சேரலாம்.

அதைவிட எரிச்சல் தருவது சந்தாக்கள். ராசிபலன், பாடல், விளையாட்டு என்று 3இல் தொடங்கும் ஐந்து இலக்க எண்களிலிருந்து வரும் குறுஞ்செய்திகள் பழைய நிறுவனத்தின் கணக்கில் காசு பிடிப்பவை. அவற்றை நிறுத்த STOP என்று, தேவையானால் சேவையின் பெயரையும் சேர்த்து, அதே லைனிலிருந்து அனுப்ப வேண்டும். லைன் மாறிய பிறகு அனுப்பினால் அது புது நிறுவனம் வழியாகப் போகும்; பழைய பதிவை அது எட்டும் என்று நம்ப முடியாது. ஆகவே பழைய சிம் உயிரோடிருக்கும்போதே நிறுத்தி, உறுதிச் செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி பில்லில் கட்டும் படச் சந்தாக்களையும் அட்டைக்கோ வேறு கட்டண வழிக்கோ முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

ஓடிபி வேறு கதை. எண் அதேதான் என்பதால் வங்கியில் எதையும் மாற்ற வேண்டாம். இருந்தும் சிலருக்கு டேக் எண் வராமல் நிற்கும். வங்கிகளும் பிற சேவைகளும் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் இடைத்தரகர்களை நம்பியிருக்கின்றன. இடம் மாறிய எண்களின் பட்டியலை அவர்கள் புதுப்பிக்காவிட்டால், 012 என்று பார்த்துப் பழைய நிறுவனத்துக்கே அனுப்பிவிடுவார்கள். நண்பரின் குறுஞ்செய்தி வந்து, வங்கியுடையது மட்டும் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். புது நிறுவனத்திடமும் வங்கியிடமும் எந்த நேரத்துச் செய்தி வரவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மாற்றும் நாளில் பெரிய பணப் பரிமாற்றம் வைத்துக்கொள்ள வேண்டாம். பேங்க் நெகாரா 2022இல் குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிடும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டதால், பல வங்கிகள் இப்போது செயலியிலேயே ஒப்புதல் கேட்கின்றன. மற்ற பல சேவைகள் இன்னும் குறுஞ்செய்தியில்தான் இருக்கின்றன.

நீங்கள் கேட்காமலே லைன் செத்துப்போனாலோ, எண் மாற்றத்தை உறுதிசெய்யச் சொல்லிச் செய்தி வந்தாலோ, வேறு யாரோ உங்கள் எண்ணைக் கடத்தப் பார்க்கலாம். அந்தச் செய்திக்கு ஒப்புதல் தராதீர்கள். வேறொரு தொலைபேசியில் உங்கள் நிறுவனத்தையும் வங்கியையும் கூப்பிட்டு லைனையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 997க்கு அழையுங்கள்.

தேவையில்லாத கட்டணத்தைத் திருப்பிக் கேட்க, முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அந்த எண்ணோடும் பிடித்த படங்களோடும் எம்.சி.எம்.சி. ஆணையத்தில் புகார் செய்யலாம்.