முப்பது சென்டிமீட்டரில் ஒரு நூற்றாண்டு

பள்ளிக் கண்காட்சிகளில் தவறாமல் இடம்பெறும் சார்ட், விடுதலைப் போராட்டக் காலக்கோடு. பிளாசிப் போர், வேலூர்ப் புரட்சி, 1857, காங்கிரஸ் தொடக்கம், உப்புச் சத்தியாக்கிரகம், ‘வெள்ளையனே வெளியேறு’, விடுதலை என்று வண்ணக் கட்டங்கள் சம இடைவெளியில் வரிசையாக நிற்கும். ஆண்டுகள் எல்லாமே சரியாக இருக்கும். ஆனாலும் அதைக் காலக்கோடு என்று என்னால் ஏற்க முடிவதில்லை. வேலூருக்கும் 1857க்கும் நடுவே 51 ஆண்டுகள். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்துக்கும் விடுதலைக்கும் நடுவே ஐந்தே ஆண்டுகள். இரண்டையும் ஒரே தூரத்தில் வரைந்தால், எது முன், எது பின் என்பதை மட்டுமே பிள்ளை கற்றுக்கொள்கிறது. எவ்வளவு காலம் கழித்து என்பது அதன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

1765இல் ஜோசப் பிரீஸ்ட்லி வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று வரைபடத்தில் ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரே அகலம்தான். ஆக்சிஜன் ஆய்வுக்காக நாம் அறிந்த அதே பிரீஸ்ட்லிதான் இவர். மனிதர்களின் வாழ்நாளை அதில் கோடுகளாக வரைந்தார். கோட்டின் நீளமே ஆயுளைச் சொல்லிவிடும். அதே விதியை நம் வகுப்பறைச் சார்ட்டுக்கும் பொருத்தலாம்.

1750இல் தொடங்கி 1950 வரை 200 ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 60 சென்டிமீட்டர். கடையில் கிடைக்கும் 71 சென்டிமீட்டர் நீளச் சார்ட்டைப் படுக்கவைத்தால் இருபுறமும் ஓரம் விட்டும் இடம் இருக்கும். இந்த அளவில் இன்னொரு வசதியும் உண்டு: 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று சரியாக ஒரு நூற்றாண்டு. ஸ்கேலை இருமுறை வைத்து 1750, 1850, 1950 ஆகியவற்றைக் குறித்துவிட்டு, பத்து ஆண்டுக்கு 3 சென்டிமீட்டராகச் சிறு கோடுகளை இழுத்துவிட்டால் அடித்தளம் தயார்.

பிறகு ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஆண்டிலிருந்து 1750ஐக் கழித்து 0.3ஆல் பெருக்க வேண்டும். பிளாசி 2.1 சென்டிமீட்டரில் விழும். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799 என்பது 14.7. மருது சகோதரர்கள் தூக்கிலேறிய 1801 என்பது 15.3. வேலூர் 16.8. 1857 என்பது 32.1. காங்கிரஸ் தோன்றிய 1885க்கு 40.5. உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு 54. விடுதலைக்கு 59.1.

எல்லாவற்றையும் இடது முனையிலிருந்தே அளப்பது முக்கியம். முந்தைய புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு என்று அளந்துகொண்டே போனால், ஒவ்வொரு முறையும் நேரும் அரை மில்லிமீட்டர் பிசகு சேர்ந்து கடைசியில் விடுதலை ஓரிரு ஆண்டு தள்ளிப் போய்விடும். சரிபார்க்க எளிய வழி உண்டு. பிளாசிக்கும் 1857க்கும் நடுவே முழு ஸ்கேல் பொருந்த வேண்டும்.

வரைந்ததும் இரண்டு சிக்கல்கள் எழும். முதலாவது நெரிசல். கட்டபொம்மனுக்கும் மருது சகோதரர்களுக்கும் இடையே கிடைப்பது 6 மில்லிமீட்டர். அதில் எழுத்து எப்படி அடங்கும்? இங்கேதான் பலர் புள்ளியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிடுகிறார்கள். புள்ளி நகரவே கூடாது. எழுத்துதான் நகர வேண்டும். ஒன்றைக் கோட்டுக்கு மேலேயும் அடுத்ததைக் கீழேயும் எழுதி, மெல்லிய கோட்டால் அதனதன் புள்ளியோடு இணைத்துவிடலாம்.

இரண்டாவது சிக்கல் வெறுமை. வேலூருக்குப் பிறகு 15.3 சென்டிமீட்டர் காலியாகக் கிடக்கும். கை துறுதுறுக்கும், படம் ஒட்டி மறைக்கத் தோன்றும். மறைக்காதீர்கள். “இங்கே ஒண்ணுமே நடக்கலையா சார்?” என்று ஒரு பிள்ளை கேட்க வேண்டிய இடம் அது. நாம் தேர்ந்தெடுத்த வகை நிகழ்வு எதையும் அங்கே குறிக்கவில்லை, அவ்வளவுதான். 1829இல் சதி ஒழிப்புச் சட்டமும், 1853இல் பம்பாய்–தானே ரயிலும் அந்த வெற்றிடத்துக்குள்தான் வருகின்றன.

ஆட்சிக்காலங்களைப் புள்ளியாக வைக்காமல் பட்டையாகத் தீட்டலாம். 1757 முதல் 1858 வரை கம்பெனி ஆட்சி 30.3 சென்டிமீட்டர், அதன்பின் 1947 வரை பிரிட்டிஷ் முடியாட்சி 26.7 சென்டிமீட்டர். முடியாட்சியைவிடக் கம்பெனியின் ஆட்சி நீண்டது என்பது பட்டைகளைப் பார்த்த கணமே விளங்கும்.

கணினியில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல்லில் லைன் சார்ட்டைத் தேர்ந்தெடுத்தால், ஆண்டுகளை அது பெரும்பாலும் வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடும். ஸ்கேட்டர் சார்ட்தான் ஆண்டை எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

கடைசி முப்பது ஆண்டுகளுக்கு இந்த அளவு போதாது. காந்தி நாடு திரும்பிய 1915 முதல் 1947 வரை பத்து சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. முதன்மைக் கோட்டை அங்கே மட்டும் இழுத்து நீட்டினால் முழுச் சார்ட்டும் கெட்டுவிடும். அந்தப் பகுதியைக் கட்டமிட்டு, கீழே தனிக் கோடாக, ஆண்டுக்கு 15 மில்லிமீட்டர் வீதம் வரையுங்கள். பக்கத்திலேயே ‘ஐந்து மடங்கு பெரிதாக்கியது’ என்று எழுதாவிட்டால், பிள்ளைகள் இரண்டு கோடுகளையும் ஒன்றாக எண்ணிவிடுவார்கள். இந்தக் கோட்டிலும் 1930 ஏப்ரல் 6இல் தண்டியில் காந்தி உப்பெடுத்ததற்கும், ஏப்ரல் 30இல் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பெடுத்ததற்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு போட்டு, தேதிகளை மட்டும் தனித்தனியாக எழுதினால் போதும்.