இரண்டு கட்டங்கள் போதும்

பத்து நாள் தக்காளி விலை இது: 31, 28, 35, 22, 40, 26, 33, 19, 37, 30. புரோகிராமர் வழக்கப்படி முதல் இடத்துக்கு எண் 0. இரண்டாம் இடத்திலிருந்து ஏழாம் இடம்வரை மிகக் குறைந்த விலை எது? கண்ணால் பார்த்தே 19 என்று சொல்லிவிடலாம். பத்து லட்சம் எண்கள் இருந்து, இப்படி லட்சக்கணக்கில் கேள்விகள் வந்தால் ஒவ்வொரு முறையும் வரிசையைத் துழாவ முடியாது. எல்லா விடைகளையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாமென்றால், சுமார் ஐம்பதாயிரம் கோடி விடைகள் வேண்டும்.

ஸ்பார்ஸ் டேபிள் ஒவ்வொரு இடத்திலிருந்தும் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் நீளங்களுக்கு மட்டும் விடை எழுதி வைக்கிறது. ஒவ்வொரு நீளமும் ஒரு அடுக்கு. நான்கு எண்களுக்கான விடை, பக்கத்துப் பக்கத்து இரண்டிரண்டு எண்களின் விடைகளில் சிறியது. அதனால் அட்டவணையைக் கட்டுவதும் எளிது. நம் பத்து விலைகளுக்கு 29 விடைகள் போதும். பத்து லட்சம் எண்களுக்கும் இருபதே அடுக்குகள்தான்.

கேள்வியின் நீளம் ஆறு. ஆனால் ஆறுக்கு அடுக்கு இல்லையே! ஆறைத் தாண்டாத மிகப் பெரிய இரண்டின் அடுக்கு 4. அந்த அளவில் ஒரு கட்டத்தை இடது ஓரத்தில் வைத்தால் 2 முதல் 5 வரை, விடை 22. இன்னொன்றை வலது ஓரத்தில் ஒட்டி வைத்தால் 4 முதல் 7 வரை, விடை 19. இரண்டில் சிறியது 19.

ஏன் மிகப் பெரியதையே எடுக்க வேண்டும்? 2 என்றால் நடுவில் 4, 5 இடங்கள் விட்டுப்போகும். 8 என்றால் கேட்காத எண்களும் உள்ளே வந்துவிடும். மிகப் பெரிய அடுக்கின் இரு மடங்கு எப்போதும் நீளத்தைவிடக் கூடுதல் என்பதால் இடைவெளிக்கு வழியே இல்லை. அதைக் கண்டுபிடிக்க லாகரிதம் தேவையில்லை. ஆறை இரும எண்ணாக எழுதினால் 110, மூன்று இலக்கம். ஒன்றைக் கழித்தால் அடுக்கு எண் 2.

```
k = (r - l + 1).bit_length() - 1
ans = min(st[k][l], st[k][r - 2**k + 1])
```

4, 5 இடங்கள் இரு கட்டங்களிலும் வந்தனவே? ஒரு எண்ணை இருமுறை பார்த்தாலும் சிறியது மாறாது. கூட்டுத்தொகை கேட்டால் கதை வேறு: 175 வரவேண்டிய இடத்தில் 241 வரும். விலைகளில் ஒன்று திருத்தப்பட்டாலும் பல கட்டங்களை மீண்டும் எழுத வேண்டும். அடிக்கடி மாறும் தரவுக்கு செக்மென்ட் ட்ரீதான் சரி.

நிரலில் வழுக்கும் இடம் இரண்டாம் வரியின் கடைசி `+ 1`. அதை மறந்தால் வலது கட்டம் ஓரிடம் முன்னதாகத் தொடங்கி 3 முதல் 6 வரை மட்டும் பார்க்கும். விடை 22 ஆகிவிடும். நீளம் இரண்டின் அடுக்காக இல்லாத கேள்விகளில், சிறிய எண் கடைசி இடத்தில் இருந்தால்தான் இந்தப் பிழை வெளியே தெரியும். சோதிக்கும்போது மிகச் சிறிய எண்ணை வலது ஓரத்தில் வைத்து அப்படிப்பட்ட ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.